மூன்று பொட்டலம், ஒரே மருந்து: மலையோர மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமுளி, வண்டன்மேடு, புளியன்மலை, நெடுங்கண்டம் பக்கம் மருந்துக்கடை நடத்தும் சேட்டன்மாருக்கும் அண்ணன்மாருக்கும், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஆள் ஏற்றிவரும் கங்காணிகளுக்கும்,

வணக்கம். மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இங்கே தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தவள் நான். உங்கள் கடைகளில் நானும் மாத்திரை வாங்கியிருக்கிறேன், சில்லறை இல்லாத நாளில் கடனும் சொல்லியிருக்கிறேன். அதனால் இதைக் குற்றப் பத்திரிகையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு மாத்திரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் கடையில் அதிகம் போவது அதுதான்: பாரசிட்டமால்.

வேலையில் இருந்த கடைசி வருடத்தில் ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், எடை 42 கிலோ. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைவாய்ப்பல் வலி ஆரம்பித்திருக்கிறது. காய் எடுக்கும் நேரத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பல் பிடுங்கப் போக யாருக்கு மனசு வரும்? மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மெல்ல முடியாததால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கட்டன் சாயாவும் இரண்டு வாய்க் கஞ்சியும்தான்.

அவருடைய முந்தானையில் மூன்று காகிதப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்று கம்பத்தில் காய்ச்சலுக்கென்று எப்போதோ வாங்கி வைத்த 650 மில்லிகிராம் மாத்திரை. இன்னொன்று மலையில் ஒரு கடையில் வலிக்கென்று கேட்டு வாங்கியது, அசெக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. மூன்றாவது, மழையில் நனைந்து மூக்கு ஒழுகியதைப் பார்த்துப் பக்கத்து லயத்துப் பெண் கொடுத்த சளி மாத்திரை. மூன்றும் பட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தவை. வெட்டும்போது பேர் இருந்த பக்கம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. இவர் கையில் இருந்தது வெறும் வெள்ளித்தாளும் இரண்டு நிற மாத்திரைகளும்தான். அவர் கணக்கில் அது காய்ச்சலுக்கு, இது வலிக்கு, அது சளிக்கு. மூன்று நோய், மூன்று மருந்து. ஆனால் மூன்றிலும் இருந்தது பாரசிட்டமால்.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பனி என்று பேர். 'பனிக்குள்ள குளிகை' என்று கடையில் சொன்னால், புதிதாக மலையேறிய நம் ஆள் குளிருக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பையில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்குவார். சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் வார்டில் உட்கார்ந்து கூட்டல் போடும்போது சிரிப்பு வராது.

கூட்டலைப் போடுகிறேன், நீங்களும் கூடவே பாருங்கள். ஒரு நாளைக்கு 650 மாத்திரை ஐந்து, அது 3,250 மில்லிகிராம். வலி மாத்திரை மூன்று, ஒவ்வொன்றிலும் 325 என்றால் 975. சளி மாத்திரை மூன்று, ஒவ்வொன்றிலும் 500 என்றால் 1,500. ஆக மொத்தம் 5,725. வளர்ந்த ஆளுக்கு 24 மணி நேரத்தில் உச்ச வரம்பே 4,000 மில்லிகிராம்தான். அதுவும் நல்ல எடையுள்ளவருக்கு. 50 கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளைக்கு நாலு வேளை என்று கணக்கிட்டால் இந்த அம்மாவுக்கு 2,520தான் வரும். அவர் போட்டது அதைப்போல இரண்டு பங்குக்கும் மேலே, தொடர்ந்து மூன்று நாள், வெறும் வயிற்றோடு. ஒரு தடவைகூட அவர் கை நிறைய மாத்திரை அள்ளி விழுங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோதான்.

சரி, உள்ளே போனதும் என்ன நடக்கிறது? நாம் தினமும் பார்க்கிற பாதையை வைத்தே சொல்கிறேன். ஜீப்புகள் மலையிலிருந்து தேனிப் பக்கம் இறங்கக் குமுளி வழி, கம்பமெட்டு வழி, போடிமெட்டு வழி என்று மூன்று உண்டு. பாரசிட்டமாலும் கல்லீரலிலிருந்து இறங்கிப்போக மூன்று வழி வைத்திருக்கிறது. முதல் வழியில் கல்லீரல் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலத்தைக் கட்டி அனுப்புகிறது. இரண்டாவது வழியில் சல்பேட்டைக் கட்டி அனுப்புகிறது. இரண்டிலும் மருந்து தண்ணீரில் கரைகிற சாதுவான சரக்காகிச் சிறுநீரோடு போய்விடும். நாம் போடுகிற மாத்திரையில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது.

மீதமுள்ள கொஞ்சம், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வழியில் திரும்புகிறது. அங்கே சைட்டோகுரோம் என்ற நொதிக் கூட்டம் இருக்கிறது. அதில் முக்கியமானது 2இ1 என்று எண் கொடுத்த ஒன்று. அது பாரசிட்டமாலை 'நாப்கி' என்று சுருக்கிச் சொல்லப்படுகிற பொருளாக மாற்றிவிடும். விஷம் இதுதான், பாரசிட்டமால் அல்ல. எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. அது பிறக்கிற இடத்திலேயே பிடித்துக் கட்டி அனுப்பக் கல்லீரல் செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற காவல்காரர்கள் நிற்கிறார்கள். ஒரு நாப்கிக்கு ஒரு காவல்காரர். அவர் அதோடு சேர்ந்து வெளியே போய்விடுவார், திரும்பி வரமாட்டார். புது ஆளைச் செல்தான் செய்துகொள்ள வேண்டும். சாதாரண அளவில் இந்தக் கணக்கு சரியாகவே ஓடுகிறது. அதனால்தான் கோடிக்கணக்கான பேர் இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள்.

அளவு மீறும்போது முதலில் சல்பேட் வழி நெரிசலாகிறது, ஏனென்றால் சல்பேட் கையிருப்பு குறைவு. அப்புறம் மற்ற வழியும் திணறும். மிஞ்சிய சரக்கெல்லாம் மூன்றாவது வழியில் திரும்புகிறது. நாப்கி அதிகமாகப் பிறக்கிறது, காவல்காரர்கள் மளமளவென்று தீர்கிறார்கள். வழக்கமான இருப்பில் முப்பது சதவீதம் என்ற மட்டத்துக்குக் கீழே போனதும் தடுக்க ஆள் போதாது. நாப்கி செல்லின் புரதங்களிலேயே போய் ஒட்டுகிறது, அதிலும் குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவில். மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்கு அடுப்பு. அடுப்பு அணைந்த செல் ஊதி வெடித்துச் சாகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1973-ல் எலிகளை வைத்து இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விளக்கினார்கள். இன்று கொடுக்கிற மாற்று மருந்து அந்த விளக்கத்திலிருந்து பிறந்ததுதான்.

இப்போது அந்த அம்மாவின் கஞ்சிக்கு வருகிறேன். காவல்காரர்களைச் செய்யச் செல்லுக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது சாப்பாட்டுப் புரதத்திலிருந்து வருகிறது. மூன்று நாள் கட்டன் சாயாவில் இருக்கிறவருக்குக் கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். குளுக்குரோனிக் வழிக்குத் தேவையான சர்க்கரைச் சேமிப்பும் குறைந்திருக்கும். ஆக, நல்ல வழி சுருங்கி, காவலும் குறைந்த நேரத்தில் சரக்கு கூடியிருக்கிறது. தினமும் குடிக்கிற ஆண்களுக்கு வேறு மாதிரி. குடி அந்த 2இ1 நொதியை உடம்பில் பெருக்கி வைத்துவிடும். சாராயம் ரத்தத்தில் இருக்கும்வரை நொதி அதிலேயே மும்முரமாக இருக்கும். குடியை நிறுத்தின மறுநாள் அந்த நொதி கை ஓய்ந்து, பாரசிட்டமால் வந்தால் நாப்கியாக்கத் தயாராக நிற்கும். தலைவலி, காய்ச்சல் என்று வந்து அன்றைக்குத்தான் அவர் உங்கள் கடைக்கு மாத்திரை கேட்டு வருவார். டி.பி.க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களையும் இதே கவனத்தோடு பாருங்கள். இவர்கள் யாருக்கும் பாரசிட்டமாலே கூடாது என்று சொல்லவில்லை. வரம்பைத் தாண்டினால் விழுகிற பள்ளம் இவர்களுக்கு ஆழம்.

இத்தனையும் உள்ளே நடக்கும்போது வெளியே என்ன தெரிகிறது? முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் கொஞ்சம் குமட்டல், பசியின்மை, சோர்வு, ஒருவேளை வாந்தி. பல் வலிக்காரருக்கு இது எதுவும் புதுசில்லை. இப்படிச் சத்தமே இல்லாமல் போவதற்குக் காரணம் உண்டு. கல்லீரலின் உட்சதையில் வலி சொல்கிற நரம்பு இல்லை. வீங்கி மேலுறையை இழுக்கும்போதுதான் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். அதோடு, சாவு எல்லா இடத்திலும் ஒன்றாக நடப்பதில்லை. கல்லீரல் முழுக்கச் சின்னச் சின்ன மடல்கள். ரத்தம் மடலின் ஓரத்தில் நுழைந்து நடுவில் உள்ள சிரையில் வடிகிறது. நடுவில் உள்ள செல்களில்தான் 2இ1 அதிகம், அங்கே வந்து சேரும் பிராணவாயுவும் குறைவு. அதனால் நடுச்செல்கள் முதலில் சாகின்றன. ஓரத்துச் செல்கள் அவற்றின் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன. ஆள் எழுந்து நடப்பார், ஜீப் ஏறுவார், காயும் எடுப்பார்.

ரத்தப் பரிசோதனைகூட ஆரம்பத்தில் பொய் சொல்லும். எஸ்.ஜி.பி.டி. என்பது செல்லுக்குள் இருக்கிற சரக்கு. செல் உடைந்தால்தான் அது ரத்தத்தில் கொட்டும். நிறைய மாத்திரை உள்ளே போய் ஆறு மணி நேரத்தில் பரிசோதித்தால் அழகாக நார்மல் என்று வரும். அது ஏறத் தொடங்குவதற்கே பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒன்றரை நாள்வரை ஆகும். மஞ்சள் நிறம் இன்னும் தாமதம். மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் உச்சம். கண் மஞ்சள், ரத்தம் உறையாமை, சிறுநீர் குறைதல், ஆள் குழம்பிப் பேசுவது, அப்புறம் மயக்கம். கண் மஞ்சளானதும் நம் ஊரில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, புளி காரம் இல்லாமல் வைத்துக்கொள்வோம். நான்கு நாளைக்கு முன்னால் போட்ட மாத்திரையை அப்போது யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்?

இந்த அம்மா செவ்வாய்க்கிழமை வாந்தியோடு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். கேஸ் டிரபிள் என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். என்ன மாத்திரை போட்டாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் தூங்கித் தூங்கி விழுந்துகொண்டு எங்களிடம் வந்தார். எஸ்.ஜி.பி.டி. 7,200. நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் அது. பிலிரூபின் 2.6தான், மஞ்சள் கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 3.4. ரத்தச் சர்க்கரை 58. எங்கள் டாக்டர் காகிதத்தைப் பார்த்ததும் என்னிடம், "சிஸ்டர், அவங்க பையில என்ன மாத்திரை இருக்குன்னு பாருங்க" என்றார். எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் பாய்ந்திருக்க, பிலிரூபின் இவ்வளவு குறைவாக இருந்தால் பாரசிட்டமாலைச் சந்தேகப்பட வேண்டும். வைரஸ் காமாலையில் மஞ்சள் இதைவிட முன்னால் நிற்கும். முந்தானை முடிச்சை அவிழ்த்தபோதுதான் அந்த மூன்று பொட்டலங்கள் வந்தன.

ஒரே நேரத்தில் விழுங்கியவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, நாலு மணி நேரம் கழித்து எடுத்த எண்ணை ஒரு கோட்டு வரைபடத்தில் வைத்து முடிவு செய்வார்கள். 1975-லிருந்து உள்ள வழக்கம் அது. இப்படி மூன்று நாளாகச் சிறுகச் சிறுகப் போட்டவருக்கு அந்தக் கோடு உதவாது. பாரசிட்டமாலே ரத்தத்தில் மிச்சமில்லாமல் போயிருக்கும், சேதம் மட்டும் நிற்கும். அவருக்கு எவ்வளவு போனது என்பதைச் சொல்ல அந்தப் பொட்டலங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

மாற்று மருந்தின் பேர் அசிட்டைல்சிஸ்டீன். சளி இளக்க நீங்கள் விற்கிறீர்களே, தண்ணீரில் போட்டால் நுரைத்து அழுகிய முட்டை வாடை அடிக்கும் மாத்திரை, அதே மருந்துதான். இங்கே ஊசியாக, எடைக்குத் தக்க அளவில், வழக்கமாக 21 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். உடம்பில் போய் சிஸ்டீனாகிப் புதுக் காவல்காரர்களைச் செய்யக் கொடுக்கிறது. ஒரே நேரத்தில் அதிகம் விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரல் ஏறக்குறைய எப்போதும் தப்பிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் பலன் குறைகிறது, ஆனால் ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை. கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிய பிறகும் கொடுத்தால் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள். அதனால் இந்த அம்மாவுக்கு அளவு முடிந்ததும் நிறுத்தாமல், ஐ.என்.ஆர். இறங்கும்வரை தொடர்ந்து ஏற்றினார்கள்.

இரண்டாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 4,000-க்கு இறங்கியது. அவர் மகன் சந்தோஷப்பட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண் இறங்குவது இரண்டு காரணத்தால் நடக்கும். செல்கள் சாவது நின்றிருக்கலாம், அல்லது சாக இனி செல்லே இல்லாமல் இருக்கலாம். எது என்று ஐ.என்.ஆர்.தான் சொல்லும், ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைச் செய்வது உயிரோடு இருக்கிற செல்கள்தானே. அது அன்று இரவு 3.1, மறுநாள் காலை 2.2. அப்போதுதான் நானும் ஒரு காபி குடித்தேன். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். பிழைத்துக்கொண்டால் இந்தச் சேதத்தின் நல்ல குணம் ஒன்று உண்டு: கல்லீரல் பெரும்பாலும் தழும்பில்லாமல் முழுசாக வளர்ந்துவிடும். பல்லை மட்டும் அப்புறம் பிடுங்கினார்கள்.

இனி நான் கேட்பது. பட்டையை வெட்டும்போது பேர் இல்லாத துண்டைக் கொடுக்க நேர்ந்தால், பொட்டலத்தின்மேல் 'பாரசிட்டமால்' என்று எழுதி எண்ணையும் எழுதுங்கள். 325, 500, 650, ஏதோ ஒன்று. தமிழில் எழுதுங்கள், மலையாளத்தில் வேண்டுமானாலும் எழுதுங்கள். வலி மாத்திரைக்கும் சளி மாத்திரைக்கும் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பாரசிட்டமால் ஒளிந்திருப்பது அவற்றில்தான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: "இன்னைக்கு வேற என்ன மாத்திரை போட்டீங்க?" இதற்கு அரை நிமிடம் போதும். பல் வலிக்கென்று மூன்றாம் நாளும் ஒருவர் வந்து நின்றால் மாத்திரையைக் குறையுங்கள், பல் டாக்டரைச் சொல்லுங்கள். பயந்துபோய்ப் பாரசிட்டமாலை நிறுத்திவிட்டு வெறும் வலி மாத்திரையை நீட்டாதீர்கள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், டெங்கு நேரத்தில் ரத்தக்கசிவைக் கூட்டும். அளவோடு இருக்கும்வரை பாரசிட்டமால் நல்ல மருந்து.

ஒரே ஆளுக்கு மொத்தமாகப் பத்துப் பட்டை கொடுக்கவும் வேண்டாம். பிரிட்டனில் 1998-ல் ஒரு பொட்டலத்தில் இத்தனைதான் என்று சட்டம் போட்டார்கள், மருந்துக்கடையில் 32, மற்றக் கடையில் 16. பாரசிட்டமால் சாவுகள் அங்கே குறைந்தன. வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் மாத்திரை குறைந்தால், கோபத்திலோ துக்கத்திலோ ஒரு நிமிடத்தில் எடுக்கிற முடிவுக்கு அது கிடைக்காது.

அப்படி யாராவது விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால், கங்காணி அண்ணன்மாரே, இது உங்களுக்கு. மறுநாள் காலையில் அந்த ஆள் எழுந்து சாயா குடித்துச் சிரித்துப் பேசினால், "ஒண்ணும் ஆகல, விடு" என்று வேலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். நான் பார்த்ததில் மிக மோசமான ஆட்கள் அந்த நல்ல காலையைத் தாண்டி வந்தவர்கள்தான். வாந்தி எடுக்க உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள், வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள், கூப்பிடுங்கள் 108. இங்கிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம், எட்டு மணி நேரத்தில் அது தாராளமாக அடங்கும். அவமானம் என்று மறைக்கவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் திட்ட நேரமிருக்காது. மனசு உடைந்து நிற்கிறவர் யாரானாலும், மாத்திரையைத் தொடுவதற்கு முன்னாலேயே 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். காசு வாங்கமாட்டார்கள்.

வண்டியில் ஏற்றும்போது வீட்டில் கிடக்கிற பட்டைகள், காலி வெள்ளித்தாள்கள், பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். முதல் மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று வீட்டாரிடம் கேட்டு அதே பொட்டலத்தின்மேல் எழுதிவிடுங்கள். பேனா இல்லையென்றால் கரிக்கட்டையில் எழுதினாலும் நாங்கள் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வண்டன்மேட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பழைய நர்ஸ்